ஐட்லர் என்று நினைத்துக் கணக்குப் போட்டேன்: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

டிப்ளமோ மாணவன்: தேர்வில் மூன்று கியர் படம். ஓட்டும் கியருக்கு 20 பல், வலஞ்சுழியாக 300 ஆர்.பி.எம். நடுவில் 40 பல், கடைசியில் 60 பல். கடைசி கியரின் வேகமும் திசையும் என்ன என்பது கேள்வி. நடுவில் இருப்பது சுழற்சியை அப்படியே அடுத்த கியருக்குக் கடத்தும் ஐட்லர்தானே என்று அதை விட்டுவிட்டு 300 × 20/60 = 100, திசை வலஞ்சுழி என்று எழுதினேன். சரியான விடை 37.5. நடு ஷாஃப்டிலேயே 15 பல் கியர் இன்னொன்று புள்ளிக்கோட்டு வட்டமாக இருந்திருக்கிறது. அவசரத்தில் கண்ணில் படவில்லை.

வரைபடக்காரர்: திசையைச் சரிபார்த்திருந்தாலும் மாட்டியிருக்காது தம்பி. இரண்டு கணக்கிலும் கடைசி கியர் வலஞ்சுழிதான். அதனால் நான் நடு ஷாஃப்டின் வேகத்தை எழுதாமல் தாண்டுவதில்லை. 300 × 20/40 = 150, இடஞ்சுழி. அடுத்து 'கடைசி கியரை எந்தப் பல் தள்ளுகிறது?' என்று கேட்பேன். அதே 40 என்றால் 150 × 40/60 = 100. முதலில் வகுத்த 40 இங்கே பெருக்கலில் வந்து அடிபடுகிறது, அதனால்தான் ஐட்லரின் பல்லை விட முடிகிறது. 15 என்றால் 150 × 15/60 = 37.5, அங்கே 40 அடிபடாது.
படத்திலேயே தெரியும். ஐட்லர் என்றால் 60-இன் வட்டம் 40-இன் வட்டத்தை விளிம்பில் தொட்டு நிற்கும். உங்கள் படத்தில் அது உள்ளே புகுந்து சின்ன வட்டத்தைத் தொட்டிருக்கும்.

டிப்ளமோ மாணவன்: ஆமாம் அண்ணா, உள்ளே புகுந்துதான் இருந்தது! வரைந்தவர் கை பிசகு என்று நினைத்தேன்.

பாலிடெக்னிக் தோழி: நான் மனப்பாடமாக வைத்திருப்பது: ஐட்லர் இருந்தால் முதலும் கடைசியும் ஒரே திசை.

லேத் மாஸ்டர்: ஐட்லர் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் மட்டும்தான் அது பொருந்தும்மா. திரெட் வெட்ட ஒரு தடவை ஸ்டட் கியருக்கும் லீட் ஸ்குரூ கியருக்கும் இடையே தூரம் எட்டவில்லை. ஒரு ஐட்லருக்குப் பதில் இரண்டு போட்டேன். பிட்ச் கேஜ் கச்சிதமாக உட்கார்ந்தது, நட்டு ஏறவே இல்லை. இடது கை திரெட்! கேரேஜ் சக்கை நோக்கி வராமல் விலகிப் போனதை அப்போதே பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து ஐட்லரை எண்ணுவதில்லை, பல் கடிக்கும் இடங்களை எண்ணுகிறேன். இரட்டைப்படை என்றால் அதே திசை, ஒற்றைப்படை என்றால் எதிர்த்திசை.

வரைபடக்காரர்: உட்பல் வளையம் இருந்தால் அந்தக் கடியை மட்டும் எண்ணாதீர்கள். அங்கே திசை மாறாது.

மெஷின் ஆபரேட்டர்: எங்கள் மெஷினில் ஐட்லர் ஷாஃப்டிலிருந்தே பம்புக்கு ஓட்டம் எடுத்திருக்கிறோம். அப்போது கடைசி கியரின் வேகம் குறையுமா?

வரைபடக்காரர்: பல் எண்ணிக்கை மாறவில்லையே, விகிதம் அப்படியேதான். ஆனால் முதல் கடியில் பம்பின் சுமையும் சேர்ந்து விழும்.

லேத் மாஸ்டர்: சுமை எடுத்த பிறகு அதை ஐட்லர் என்று நான் சொல்ல மாட்டேன்.

வரைபடக்காரர்: கடைசி கியரின் கணக்குக்கு அது இன்னும் ஐட்லர்தான் மாஸ்டர்.