வரக்கூடாத இடத்தில் ஒரு புள்ளி

கயல்: போன வாரம் சிலிக்கான் சாம்பிளை 200 கிலோவோல்ட் டெம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து டிஃப்ராக்‌ஷன் எடுத்தேன். அழகான புள்ளிகள். நடுப்புள்ளிக்கு இருபுறமும் உள்ள ஜோடிகளின் தூரத்தை அளந்து பாதியாக்கினேன். ஒன்று 3.26, மற்றது 3.76 (ஒரு நானோமீட்டருக்கு). தலைகீழாக்கினால் 0.307, 0.266 நானோமீட்டர். சிலிக்கானின் 111 என்ற அணுத் தளங்களின் இடைவெளி 0.3135 வரவேண்டும். இரண்டுமே ஒட்டவில்லை. வேறு ஏதோ கலந்துவிட்டதென்று இரண்டு நாள் தூக்கமில்லை.

பழைய லேப்காரன்: 0.307-ஐ விடுங்கள், அது 2 சதவீதப் பிழை. தங்கத்தை வைத்து கேமரா லெங்த், அதாவது புள்ளிகளை அளக்கும் அளவுகோலை, சரிபார்த்தபோது சாம்பிள் இருந்த உயரமும் இப்போதுள்ள உயரமும் வேறாக இருந்திருக்கும். இரண்டையும் வகுத்துப் பாருங்கள்: 1.153. நடுவிலிருந்து இரண்டு புள்ளிகளுக்கும் இடையே கோணம் எவ்வளவு?

கயல்: 55 டிகிரி, அண்ணா.

பழைய லேப்காரன்: அப்போது 111-உம் 002-உம்தான். கணக்குப்படி விகிதம் 1.155, கோணம் 54.7. அளவுகோல் தப்பினாலும் இவை மாறாது. நீங்கள் படிகத்தைப் பார்த்தது [110] திசையில்.

குமரன்: ஆனால் சிலிக்கானில் 002 வரவே வராதே! வந்தால் அது சிலிக்கான் இல்லை, காலியம் ஆர்சனைடு மாதிரி ஏதோ ஒன்று.

பழைய லேப்காரன்: பாதி சரி, தம்பி. நேரடியாக வராது. ஆனால் ஒருமுறை சிதறிய கற்றை இன்னொரு தளத்தில் மறுபடி சிதறும். (1 -1 1)-ஐயும் (-1 1 1)-ஐயும் கூட்டினால் (0 0 2). எலக்ட்ரான் அவ்வளவு வலுவாகச் சிதறுவதால் தடித்த இடத்தில் இது சகஜம். சோதனை எளிது: 002 வரிசையை அச்சாக வைத்து சாய்த்துப் பாருங்கள். 111 புள்ளிகள் மங்கும்போது 002-உம் மங்கினால் அது இரவல் புள்ளி. 26.6 டிகிரிக்குப் போய்விடாதீர்கள், [310] வந்து அதே கூத்து திரும்பும்.

நிலா: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். என் துகள் வெள்ளியா தங்கமா என்று புள்ளியை வைத்துச் சொல்ல முடியுமா? 0.2359 வருகிறது.

பழைய லேப்காரன்: முடியாது. இரண்டுக்கும் தள இடைவெளி 0.2 சதவீதம்தான் வேறு, உங்கள் பிழை அதைவிடப் பெரிது. எக்ஸ்ரே ஸ்பெக்ட்ரம் எடுங்கள்.

கயல்: இன்று 12 டிகிரி சாய்த்தேன். மெல்லிய ஓரத்தில் 002 காணாமல் போனது. தடித்த பக்கத்தில் லேசாக நிற்கிறது, எக்ஸ்போஷர் கூட்டினால்தான் தெரிகிறது.

குமரன்: அங்கே வேறு வழியாகவும் இரட்டைச் சிதறல் நடக்குமோ?

கயல்: தெரியவில்லை. திங்கட்கிழமை இன்னும் 5 டிகிரி சாய்த்துப் பார்க்கிறேன். ஹோல்டரில் இடம் இருக்கிறது.