விகாரத்துக்கு எதற்குத் தனிப் பாத்திரம்?

அசைபடக்காரன்: ஒன்பதாம் வகுப்புக்காகப் பகுபத உறுப்புகளை அசைபடத் தொடராகச் செய்திருக்கிறேன். ஆறு உறுப்புக்கு ஆறு பாத்திரங்கள். செய்தான், படித்தான், படித்தனன், வந்தனன் என்று ஒவ்வொரு பாடத்திலும் ஓர் உறுப்பு கூடும். இதைப் பார்த்த பிள்ளைக்கு இனி மனப்பாடமே தேவையில்லை.

கரிசல் வாத்தியார்: ஆறு பாத்திரம் என்பதே தப்பு. வந்தனன் காட்சியில் எல்லாரும் எழுத்து அட்டையோடு வரிசையில் நிற்கிறார்கள். விகாரத்தின் அட்டை மட்டும் காலி. பார்க்கும் பையன் அதில் ஏதாவது ஓர் எழுத்தைப் போடத்தான் பார்ப்பான். என் வகுப்பில் 'ந் – விகாரம்' என்று தனி வரியாக எழுதிவிட்டு, சந்தியைக் காணோம் என்று முழிக்கிறார்கள்.

அசைபடக்காரன்: நன்னூல் ஆறு என்கிறது. பவணந்தி முனிவருக்கே திருத்தம் சொல்கிறீர்களா ஐயா?

கரிசல் வாத்தியார்: ஆறு என்றார். ஆறுக்கும் தனித்தனி எழுத்து உண்டு என்றாரா? விகாரம் மற்ற உறுப்புக்கு நேரும் மாற்றம். வந்தனனில் வா, த், த், அன், அன் என்று ஐந்து அட்டைதான். வா அட்டையில் துணைக்கால் கழன்று விழட்டும், 'வ' மிஞ்சும். முதல் த் அதே அட்டையிலேயே ந் ஆகட்டும். விகாரம் அவ்வளவுதான். படத்தில் அதைக் காட்டுவது கரும்பலகையைவிட எத்தனை சுலபம்! அதை விட்டுவிட்டு மீசை வைத்து ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறீர்கள்.

பழைய மாணவன்: இதில் என்ன சண்டை? சந்தி மாறினால் விகாரம். சந்திப் பாத்திரத்துக்கே இரட்டை வேஷம் கொடுத்தால் முடிந்தது.

கரிசல் வாத்தியார்: பாதி சரி தம்பி. கண்டானைப் பிரித்துப் பாருங்கள். காண், ட், ஆன். அங்கே சந்தியே கிடையாது. காண் 'கண்' என்று குறுகியதுதான் விகாரம். பிள்ளைக்குப் புரிந்ததா என்று பார்க்க நான் கொடுக்கும் முதல் சொல் இதுதான். வந்தனனை மட்டும் உருப்போட்டவன் இதில் சந்தியைத் தேடிக்கொண்டே இருப்பான்.

அண்ணாநகர் அம்மா: என் மகளுக்கு வேறு குழப்பம். படித்தானில் இரண்டு த் இருக்கிறதே, எது சந்தி, எது இடைநிலை என்று கேட்கிறாள். படத்தில் இரண்டும் ஒரே நீலச் சட்டை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

கரிசல் வாத்தியார்: காலத்தை மாற்றச் சொல்லுங்கள் அம்மா. படிக்கிறான்: படி, க், கிறு, ஆன். படிப்பான்: படி, ப், ப், ஆன். படி அசையவில்லை, ஆன் அசையவில்லை. காலத்தைச் சொல்வது ஆனுக்கு முன்னால் இருக்கும் இடைநிலை. படியை ஒட்டி நிற்பது சந்தி. இடைநிலை த் என்றால் அதுவும் த், கிறு என்றால் க், ப் என்றால் ப். இந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓட்டிக் காட்டியிருந்தால் மகள் கேட்டிருக்கவே மாட்டாள். இரண்டாம் பாடத்திலிருந்து நேராகச் சாரியைக்குத் தாவிவிட்டார்கள்.

அசைபடக்காரன்: ஆறு நிமிடப் படத்தில் முக்காலமும் ஓட்ட முடியாது. ஒரு காட்சி வரைய எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா?

இலந்தை: வல்லினம் மிகும் இடங்களுக்கு இப்படிப் படம் இருக்கிறதா? என் பையன் அதில்தான் மதிப்பெண் விடுகிறான்.

நெல்லைக்காரி: பகுதிப் பாட்டிக்கு ஏன் சினிமாப் பாட்டிக் குரல்? எங்கள் ஊரில் எந்தப் பாட்டியும் இப்படி இழுத்துப் பேச மாட்டாள்.

அசைபடக்காரன்: குரல் கொடுத்தது என் அத்தை. அவரும் திருநெல்வேலிதான்.

நெல்லைக்காரி: அப்படியென்றால் ஊரை விட்டுப் போய் ரொம்ப நாளாகியிருக்கும்.

கரிசல் வாத்தியார்: குரலை விடுங்கள். அந்தப் பாட்டி நல்ல யோசனைதான், ஏவித்தான் பேசுகிறாள். "செய்! படி!" என்கிறாள். பகுதி ஏவலாக நிற்கும் என்று பிள்ளை கேட்டே பழகிவிடும். ஆனால் வந்தனனில் அதே பாட்டி 'வ' அட்டையோடு வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். யாரையாவது "வ!" என்று கூப்பிட முடியுமா? "வா!" என்று அவள் கத்தியிருக்க வேண்டும். பகுதி 'வ' என்று எழுதிய விடைத்தாளை நான் எத்தனை திருத்தியிருக்கிறேன்!

அசைபடக்காரன்: போன வருடக் குற்றியலுகரப் படத்திலும் இப்படித்தான் குறை கண்டுபிடித்தீர்கள்.

கரிசல் வாத்தியார்: பசுவைக் குற்றியலுகரம் என்று காட்டினால் சும்மா இருப்பேனா? தனிக்குறிலை அடுத்த உகரம் ஐயா அது, குறையவே குறையாது. இன்றுவரை மாற்றவில்லை நீங்கள்.

பழைய மாணவன்: சார் சொல்வது தேர்வுக்குச் சரி. பிள்ளைகளுக்குப் பிடிப்பது மீசைக்காரரைத்தான். என் தம்பி மகன் அவரை வரைந்தே வைத்திருக்கிறான்.

கரிசல் வாத்தியார்: வரையட்டும். அவர் கையில் என்ன எழுத்து என்று அவனிடம் கேளுங்கள்.

அசைபடக்காரன்: அடுத்த பாடம் கண்டான். ஆறு பேரும் வருவார்கள். நன்னூல் சொன்ன ஆறு.

கரிசல் வாத்தியார்: சந்தியும் சாரியையும் அங்கே எதற்கு வருகிறார்கள்?

அண்ணாநகர் அம்மா: முதலில் அந்த நீலச் சட்டையை மாற்றுவீர்களா?