பாலாற்று நுரையும் விரல் நீட்டும் ரெண்டு ஸ்பைடர்மேனும்

பாலாற்றங்கரை:
ஆம்பூர் பக்கம் பாலாத்துல நுரை பொங்குற போட்டோவை வச்சு எங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரு மீம் சுத்துது. ஒரே மாதிரி ரெண்டு ஸ்பைடர்மேன், ஒருத்தனை ஒருத்தன் விரல் நீட்டிக் காட்டுறான். ஒருத்தன் மேல ‘டேனரி’, இன்னொருத்தன் மேல ‘நகராட்சி’ன்னு எழுதியிருக்கு. இந்த மீம் இங்க பொருந்துதா?

கோட்டை அகழி:
பொருந்தலைங்க. அந்தப் படத்தோட பலமே ரெண்டு பேரும் அச்சு அசலா ஒண்ணா இருக்கறதுதான். எழுத்தைப் படிக்கறதுக்கு முன்னாடியே ‘ரெண்டும் ஒண்ணு’ன்னு கண்ணு முடிவு பண்ணிடும். அதனால நீங்க ஒட்டுற ரெண்டு பெயரும் அந்த முடிவைத் தாங்கணும். இதுக்கு ஒரு சோதனை இருக்கு. ரெண்டு பெயரையும் இடம் மாத்தி ஒட்டிட்டு, யார் வாய்ல என்ன குற்றச்சாட்டு வருதுன்னு சொல்லிப் பாருங்க. அதே குற்றச்சாட்டு ரெண்டு வாய்க்கும் பொருந்தினா மீம் சரி. இங்க நகராட்சி சொல்றது ‘தோல் கழிவு’, டேனரி சொல்றது ‘ஊர்ச் சாக்கடை’. ரெண்டும் வேற வேற.

நுரையைப் பார்த்து மட்டும் யாருன்னு சொல்ல முடியாது, சோப்புத் தண்ணியும் நுரைக்கும். ஆனா அந்தத் தண்ணியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினா உப்பும் குரோமியமும் தோல் பதனிடற பக்கத்தைக் காட்டும், மலக்கிருமி சாக்கடைப் பக்கத்தைக் காட்டும். பிரிச்சுச் சொல்லக்கூடிய ரெண்டு தப்பை, பிரிக்கவே முடியாத மாதிரி இந்த மீம் காட்டுது. லாபம் யாருக்கு? பெரிய தப்பு பண்ணினவருக்கு.

காட்பாடி ஜங்ஷன்:
அண்ணே, இதை நான் ஒத்துக்க மாட்டேன். மீம்னா ஆய்வறிக்கை கிடையாது. ஆத்துல ரெண்டு கையும் இருக்குன்னா ரெண்டையும் காட்டணும். நீங்க சொல்றபடி டேனரியை மட்டும் காட்டினா, சுத்திகரிக்காத சாக்கடையை ஆத்துல விடற நகராட்சி ஓரமா நின்னு கை தட்டும். அப்புறம் இந்தப் படமே மூணு ஸ்பைடர்மேன் ஒண்ணா வர்ற சினிமாவுல இருந்து வந்ததுதானே? அதுல எல்லாருமே நல்லவங்க. அங்க விரல் நீட்டறது ‘நீயும் நானும் ஒண்ணு’ன்னு சொல்றதுக்குத்தான்.

கோட்டை அகழி:
தம்பி, மூணு பேர் நிக்கறது பின்னாடி வந்தது. அந்த மூணு நடிகர்களும் அதே மாதிரி விரல் நீட்டி நின்ன போட்டோ 2022 பிப்ரவரியில வெளியாச்சு. மூலப் படம் 1967ல ஆரம்பிச்ச ஸ்பைடர்மேன் கார்ட்டூன் தொடர். ‘டபுள் ஐடென்டிட்டி’ங்கற அந்தக் கதையில ஒருத்தன் அசல், இன்னொருத்தன் ஸ்பைடர்மேன் வேஷம் போட்ட திருடன். அப்போ மூலத்துல ஒரு விரல் உண்மை சொல்லுது, இன்னொரு விரல் பொய் சொல்லுது. இணையம் அந்தக் கதையைத் தூக்கிப் போட்டுட்டு நிக்கற தோரணையை மட்டும் எடுத்துக்கிச்சு. எனக்குக் கவலை இதுதான். பார்க்கறவங்க அவங்கவங்க சார்புக்கு ஏத்த மாதிரி ஒருத்தனை அசலாவும் இன்னொருத்தனைப் போலியாவும் எடுத்துப்பாங்க. டேனரிக்காரர் அதே மீமைத் தன் ஸ்டேட்டஸ்ல வைக்கலாம், நகராட்சிக்காரரும் வைக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவங்களே சந்தோஷமா பகிரக்கூடிய மீம் யாரையும் பிடிக்கலைன்னு அர்த்தம்.

ஆரணி பட்டு:
நீங்க ரெண்டு பேரும் டேனரியையும் சாக்கடையையும் பேசிக்கிட்டு இருக்கீங்க. மணல் அள்ளினவங்க எங்க? ஆந்திரா பக்கம் கட்டின தடுப்பணை எங்க? தண்ணி ஓடியிருந்தா இந்தக் கழிவு இவ்வளவு தேங்கி நிக்குமா? ஆத்தைக் கெடுத்தது யாருன்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

கோட்டை அகழி:
அக்கா, நீங்க சொல்றது நியாயமான கேள்விதான், ஆனா அது ஆறு வறண்டதைப் பத்தினது. தண்ணி குறைஞ்சா கழிவு நீர்த்துப் போகாதுங்கறது உண்மை, அதுக்காக அணை கட்டினவங்க கழிவை ஊத்தினதா ஆகாது. அவங்களையும் இந்தப் படத்துல சேர்த்தா, கழிவைப் பத்தின கேள்வியே காணாமப் போயிடும்.

பேரணாம்பட்டு டிசைன்:
நான் லேபிள் ஒட்டற வேலை தெரிஞ்சவன், அதை வச்சு ஒண்ணு சொல்றேன். ஜோடியை மாத்துங்க. ஒரு பக்கம் ‘டேனரி’, இன்னொரு பக்கம் ‘பொதுச் சுத்திகரிப்பு நிலையம்’. மழைக்காலத்துல கழிவு ஆத்துக்கு வந்துட்டா நிலையம் சொல்றது, ‘யூனிட்டுங்க குரோம் தண்ணியைத் தனியாப் பிரிக்காம எல்லாத்தையும் ஒரே குழாய்ல அனுப்பிட்டாங்க’. யூனிட்டு சொல்றது, ‘நாங்க ஒழுங்காத்தான் அனுப்பினோம், நிலையம் ஒழுங்கா ஓடலை’. நம்ம பக்கத்து நிலையங்கள் உறுப்பினர் டேனரிகளே பங்கு போட்டு நடத்தற கம்பெனிங்க. அதாவது விரல் நீட்டறவரும் நீட்டப்படறவரும் ஒரே ஆள். அகழி அண்ணன் சொன்ன சோதனையில இது பாஸ்: ரெண்டு வாயும் ‘உன் பக்கம் சுத்தம் பண்ணலை’ன்னுதான் சொல்லுது.

செய்யும்போது கவனிக்க வேண்டியது: லேபிள் நெஞ்சு மேல இருக்கட்டும், நீட்டின கை மேல வேண்டாம். கை மறைஞ்சா மீம் செத்துப்போச்சு. ‘பொதுச் சுத்திகரிப்பு நிலையம்’ ஒரே வரியில அடங்காது, எழுத்தைச் சின்னதாக்காதீங்க, மூணு வரியாப் பிரிங்க. வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு ஓரம் போடறப்போ ஓரம் தடிச்சா புள்ளி அடைஞ்சிடும், ‘ச்’ங்கறது ‘ச’வாத் தெரியும். வாட்ஸ்அப்ல நாலு தடவை ஃபார்வர்டு ஆனப்புறம் இன்னும் மோசம். உங்களுக்கே ஒரு தடவை அனுப்பி, போனை கையை நீட்டிப் பிடிச்சுப் படிச்சுப் பாருங்க. ‘பாலாற்றில் நுரை’ங்கற தலைப்பைப் படத்துக்கு உள்ளேயே வைங்க. மெசேஜ்ல தனியா எழுதினா ரெண்டாவது குரூப்புக்குப் போறதுக்குள்ள கழண்டுடும், எதுக்காக விரல் நீட்டறாங்கன்னே தெரியாது.

காட்பாடி ஜங்ஷன்:
ஜோடி அருமை, ஒத்துக்கறேன். ஆனா இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. எல்லா யூனிட்டும் பெரிய முதலாளி இல்லை. ஜாப் ஒர்க் எடுத்து அடுத்தவர் தோலைப் பதனிட்டுக் கொடுக்கற சின்ன யூனிட்டுக்காரருக்கு நிலையத்து முடிவுகள்ல எவ்வளவு குரல் இருக்கும்? அவருக்கும் நிலையத்துக்கும் ஒரே உடை போட்டுவிட்டா, இப்போ நீங்க சொன்ன அதே தப்பை நீங்களே பண்றீங்க.

அதுவுமில்லாம அரசாங்கம் எங்க? 1996ல உச்ச நீதிமன்றம் வேலூர் டேனரி வழக்குல மாசுபடுத்தறவரே செலவை ஏத்துக்கணும்னு தீர்ப்புச் சொல்லுச்சு. 2025 ஜனவரியில அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்டவங்களுக்கு முதல்ல அரசு பணம் கொடுக்கட்டும், அப்புறம் மாசுபடுத்தினவங்ககிட்ட வசூல் பண்ணிக்கட்டும்னு சொல்ல வேண்டியதாச்சு. நடுவுல போனது 28 வருஷத்துக்கும் மேல. அப்போ மூணாவது ஸ்பைடர்மேன் வேணாமா?

கோட்டை அகழி:
சின்ன யூனிட் விஷயத்துல நீங்க சொல்றது சரி. அப்போ லேபிள்ல ‘டேனரி’ன்னு பொதுவாப் போடாம ‘பங்குதாரர் டேனரி’ன்னு போடணும். ஒரு சொல் கூடுது, ஆனா அதுதான் உண்மை.

மூணாவது ஆள் வேண்டாம். ரெண்டு பேர் இருக்கும்போது ஒரு விரல் போய்ச் சேர்ற இடம் தெரியும். மூணு பேரானா விரல் சுத்திச் சுத்தி வரும், கடைசியில ‘எல்லாரும் அப்படித்தான்’ங்கற அலுப்புதான் மிஞ்சும். அந்தத் தீர்ப்பும் எல்லார் தப்பும் ஒண்ணுன்னு சொல்லலையே. யார் முதல்ல கொடுக்கணும், யார் கடைசியில கொடுக்கணும்னு வரிசை போட்டுச்சு. ஒரே உடை போட்ட மூணு பேரை வச்சு அந்த வரிசையை எப்படிக் காட்டுவீங்க? அரசுக்குத் தனி மீம் போடுங்க, வேற படத்துல.

காட்பாடி ஜங்ஷன்:
தனி மீம் போட்டா அதை யாரும் பார்க்க மாட்டாங்க அண்ணே. நுரை போட்டோ சுத்தற அன்னைக்குத்தான் ஜனங்க பார்ப்பாங்க. எனக்கு மூணாவது ஆள் வேணும்.

பாலாற்றங்கரை:
‘பங்குதாரர் டேனரி – பொதுச் சுத்திகரிப்பு நிலையம்’ வச்சு ஒண்ணு போட்டிருக்கேன், தலைப்பு படத்துக்கு உள்ளேயே இருக்கு. எனக்கே அனுப்பிப் பார்த்தேன். ‘பங்குதாரர்’ல ‘ங்’ புள்ளி அடைஞ்சுதான் தெரியுது. ஓரத்தைப் பாதியாக் குறைச்சு மறுபடி அனுப்பறேன்.