தகரக் கூரைப் பட்டறை, மதியம் 42 டிகிரி: தண்ணீர்க் கூலர் எடுபடுமா?

புதுப்பட்டறை: 12 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரத்தில் தகரக் கூரைப் பட்டறை. இரண்டு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் மேடை, ஆறு பேர். கோடை மதியம் வெளியே 42 டிகிரி, வறண்ட காற்று. தண்ணீர்க் கூலர் போட்டால் நின்று வேலை பார்க்கும் அளவுக்குக் குளிருமா? எவ்வளவு பெரிதாக வேண்டும்?

தகரக்கூரை: எடுபடாது. வானிலை அறிக்கையைப் பாருங்கள், அதிகபட்ச வெப்பநிலை 42, ஈரப்பதம் 35 சதவீதம் என்று போட்டிருப்பான். இந்த இரண்டுக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது தண்ணீரை ஆவியாக்கிக் காற்றை இறக்கக்கூடிய கடைசி அளவு, 29. தண்ணீர் நனைக்கும் பேட் 80 சதவீதம் திறனில் ஓடினாலும் கூலர் வாயில் கிடைப்பது முப்பத்தொன்றரை டிகிரிக் காற்று. கூரைச் சூடும் மெஷின் சூடும் ஏறினால் 35 தாண்டும், அதுவும் கசகசவென்று. அந்தக் காசைக் கூரைக்கு அடியில் இன்சுலேஷன் போடச் செலவழியுங்கள்.

காற்றளவு: கணக்கு சரி, எடுத்துக்கொண்ட எண் தப்பு. அந்த 35 சதவீதம் பெரும்பாலும் காலை அளவு. 42 டிகிரி மதியம் மூன்று மணிக்கு வருவது. காலை ஈரப்பதத்தையும் மதிய வெப்பத்தையும் ஒட்டவைத்தால் எந்த ஊர்க் கூலரும் தோற்றுத்தான் போகும்.

காற்றில் இருக்கும் நீராவி பகல் முழுக்க ஏறக்குறைய அதேதான். காலையில் 27 டிகிரியில் 35 சதவீதமாகத் தெரிகிற அதே காற்று, 42 டிகிரிக்குச் சூடானதும் 15 சதவீதத்துக்கு வந்துவிடும். ஈரக்குமிழ் காலையில் 17, மதியம் சுமார் 22. வெப்பநிலை 15 டிகிரி ஏறும்போது ஈரக்குமிழ் அதில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறுகிறது. மதியக் கணக்கை மதிய எண்களால் போடுங்கள்: இடைவெளி 20 டிகிரி, அதில் 80 சதவீதம் 16. கூலரிலிருந்து வருவது 26 டிகிரிக் காற்று.

அறிக்கையையே நம்ப வேண்டாம், ஈரக்குமிழை நீங்களே அளக்கலாம். ஒரே மாதிரி இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி, ஒன்றின் குமிழில் பருத்தித் திரி சுற்றி, காய்ச்சி வடித்த தண்ணீரில் நனையுங்கள். நிழலில் வைத்து, சின்ன மின்விசிறியால் பலமாகக் காற்றுப் படவிட்டு, இறங்குவது நின்றபின் படியுங்கள். காற்றில்லாமல் சும்மா தொங்கவிட்டால் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே காட்டும். குழாய்த் தண்ணீரில் நனைத்துக்கொண்டே இருந்தால் திரியில் உப்பேறி அதுவும் பொய் சொல்லும்.

ஜில்ஜில்: எங்கள் வீட்டு ஹாலில் ஜன்னல் கதவெல்லாம் சாத்திவிட்டு, தொட்டியில் ஐஸ் கட்டி போடுவோம். குளிர் அப்படியே நிற்கும். பட்டறைக்கும் அதேதானே? பெரிய கூலர், நிறைய ஐஸ்.

காற்றளவு: சாத்தினால் முதல் பத்து நிமிஷம் சுகமாக இருக்கும். அதன்பின் கூலர் தான் ஏற்கெனவே நனைத்த காற்றையே மறுபடி இழுக்கும், நனைக்க இடமிருக்காது. ஏசி உள்ளே இருக்கும் காற்றைச் சுழற்றுவது. கூலர் வெளிக்காற்றை உள்ளே தள்ளி, அதே அளவைச் சூட்டோடு வெளியே துரத்துவது. வெளியேறும் வழி இல்லாவிட்டால் வேலையே நடக்காது.

ஐஸுக்கும் ஒரு கணக்கு. இந்தப் பட்டறைக்கு வேண்டிய கூலர் ஆவியாக்கியே 90 கிலோவாட் அளவுக்கு வெளிக்காற்றின் சூட்டை இறக்கும். 20 கிலோ ஐஸை ஒரு மணி நேரத்தில் உருக்கினால் கிடைப்பது 2 கிலோவாட்டுக்கும் குறைவு. தொட்டியைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான்.

புதுப்பட்டறை: திரி கட்டி மூன்று நாள் மதியம் பார்த்தேன். வெளியே 41, 42. நனைந்தது 21லிருந்து 22க்குள். காற்று எவ்வளவு தள்ள வேண்டும்?

காற்றளவு: அறைக் கன அளவில் தொடங்காதீர்கள், சூட்டில் தொடங்குங்கள். இன்சுலேஷன் இல்லாத 120 சதுர மீட்டர் தகரம் உச்சி வெயிலில் 12 கிலோவாட் உள்ளே தள்ளும் என்று வைக்கலாம். மெஷின்கள், வெல்டிங், கம்ப்ரசர் சேர்ந்து சராசரி 8. சுவர், விளக்கு, ஆட்கள் 4. மொத்தம் 24.

வினாடிக்கு 5 கன மீட்டர் காற்று, அதாவது மணிக்கு 18,000 கன மீட்டர், கடைக்காரர் மொழியில் 10,600 சிஎஃப்எம் தள்ளினால், அந்தக் காற்று ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் 6 கிலோவாட்டைச் சுமந்துபோகும். 24க்கு 4 டிகிரி. 26ல் நுழைந்தது 30ல் வெளியேறும். காற்றை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் ஏற்றம் 6 டிகிரி, உள்ளே 32. இன்னும் குறைத்தால் தகரக்கூரை சொன்ன 35ஐ நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் சிஎஃப்எம் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும்போது வருவது. இரண்டு முழங்கை வளைவு, கொஞ்சம் குழாய், நனைந்த பேட் எல்லாம் சேர்ந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே என்று இறங்கியும் போகலாம். பேட் முகத்தை ஒன்பது கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் அனிமோமீட்டரால் வேகம் எடுத்து, சராசரியைப் பரப்பால் பெருக்குங்கள். அதுதான் உண்மையான காற்று. 150 மில்லிமீட்டர் தடிமன் தேன்கூட்டு பேடுக்கு வினாடிக்கு 1.25 மீட்டர் வேகம் நல்லது, ஆகவே 4 சதுர மீட்டர் பேட். பேடைச் சிறிதாக்கி வேகத்தை இரண்டரைக்குக் கொண்டுபோனால் திறனும் விழும், துளியும் சேர்ந்து பறக்கும்.

வெளியேறும் வழி மொத்தம் 2 சதுர மீட்டர், கூலருக்கு எதிர்ச்சுவரில், உயரத்தில். போதவில்லை என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். கூலர் ஓடும்போது பெரிய கதவை ஒரு சாண் திறந்து, பேட் முகத்தில் வேகத்தை மறுபடி பாருங்கள். ஏறினால் உங்கள் பட்டறை மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தகரக்கூரை: ஈரக்குமிழை ஒப்புக்கொள்கிறேன், நான் எடுத்தது காலை ஈரப்பதம்தான். ஆனால் உங்கள் கணக்கிலேயே பாதிச் சூடு கூரை. வெயிலில் தகரம் 60 டிகிரிக்கு மேல் போகும். அது மண்டையில் அடிக்கும் கதிர்ச் சூட்டை 26 டிகிரிக் காற்று தடுக்காது. காற்று 30 என்று தெர்மாமீட்டர் சொல்லும், லேத்தில் நிற்பவன் 35 என்பான்.

காற்றளவு: அதில் மறுப்பில்லை. இன்சுலேஷனால் கூரைச் சூடு 4 கிலோவாட்டுக்கு இறங்கினால், அதே காற்றில் ஏற்றம் 4 டிகிரிக்குப் பதில் இரண்டே முக்கால். ஆனால் இன்சுலேஷன் மட்டும் போட்டால் 42க்குக் கீழே இறங்கவே முடியாது. இரண்டும் வேண்டும். முதலில் எது என்றால் கூரை.

துருவிரோதி: குளிரைப் பற்றியே பேசுகிறீர்கள், லேத் படுக்கையை யாரும் நினைக்கவில்லை. கூலர் வாயில் ஈரப்பதம் எவ்வளவு? மாலை பட்டறையைப் பூட்டுகிறோம், இரவில் தகரம் வானத்துக்குச் சூட்டை விட்டு வெளிக்காற்றையும் விடக் குளிர்கிறது. விடிகாலையில் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக மெஷின் மேல் விழும். இது கூலர் போட்ட கொட்டகைகளில் சகஜம்.

காற்றளவு: வாயில் 67 சதவீதம், 30க்கு ஏறியதும் 53. இரும்புக்கு 60ஐத் தாண்டும் இடம்தான் ஆபத்து, ஆகவே கூலர் காற்று லேத்தின் மேல் நேராக விழாமல் ஆட்கள் நிற்கும் பக்கம் திருப்ப வேண்டும். படுக்கையில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது துரு இல்லை, பேடிலிருந்து பறந்த துளி காய்ந்த உப்பு. பேட் வேகத்தைக் குறையுங்கள்.

கூரைச் சொட்டுக்குக் காரணம் பூட்டும்போது உள்ளே மாட்டிக்கொண்ட ஈரக் காற்று. அது 19 டிகிரியிலேயே பனிக்கும். வெளிக்காற்றோ 10 டிகிரிக்கு அருகில் போனால்தான் பனிக்கும். ஆகவே பூட்டுவதற்கு அரை மணி முன் பம்பை மட்டும் நிறுத்தி ஃபேனை ஓடவிடுங்கள். பேடும் காயும், உள்ளே இருப்பதும் வெளியே போகும்.

துருவிரோதி: அரை மணி ஃபேன் என்றால் மாலை ஆறு மணிக்கு 40 டிகிரிக் காற்றை ஆட்கள் மேல் அடிக்க வேண்டும். யாரும் செய்ய மாட்டார்கள். டைமர் போட்டு, ஆட்கள் போனபின் ஓடினால் ஒழிய.

காற்றளவு: டைமரே போடுங்கள். வெளியேறும் வழியை அதுவரை மூடாமல் விட வேண்டும், மறக்கக்கூடியது அதுதான்.

புதுப்பட்டறை: தண்ணீர் எவ்வளவு குடிக்கும்? இங்கே கிணற்றுத் தண்ணீர், கொஞ்சம் உப்பு.

காற்றளவு: அந்த மதியத்தில் மணிக்கு சுமார் 140 லிட்டர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது, தொட்டியிலேயே சேரும். ஆகவே அதில் பாதியளவு, 70 லிட்டர், இடைவிடாமல் வழிந்து வெளியேற வேண்டும். தொட்டியின் உப்பு கிணற்றைப்போல் மூன்று மடங்கில் நின்றுவிடும். எட்டு மணி நேரத்துக்கு 1,600, 1,700 லிட்டர். கிணறு ரொம்ப உப்பென்றால் இன்னும் கூடுதலாக வழியவிடுங்கள்.

பம்பை ஆவியாகும் அளவுக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். 2.2 மீட்டர் நீளப் பேடுக்கு நிமிஷத்துக்கு 20 லிட்டர் மேலிருந்து ஓட வேண்டும், ஆவியாவதைப்போல் எட்டு ஒன்பது மடங்கு. மிஞ்சுவது பேடைக் கழுவுகிறது. காற்று நுழையும் பக்கத்தில் செங்குத்தாக வெள்ளைக் கோடு பிடித்தால் மேலே பரப்பும் குழாயில் அந்த இடத்து ஓட்டை அடைத்திருக்கிறது. அந்தக் காய்ந்த பட்டை வழியாக 42 டிகிரிக் காற்று அப்படியே உள்ளே வரும்.

தகரக்கூரை: மழை தொடங்கியதும்? 34 டிகிரி, 60 சதவீதம் என்று வரும் நாட்கள் இருக்குமே.

காற்றளவு: ஈரக்குமிழ் ஏறக்குறைய இருபத்தேழரை. கூலர் வாயில் 29, உள்ளே 33, ஈரப்பதம் 70. அந்த நாளில் கூலர் பேருக்குத்தான். ஈரக்குமிழ் 26ஐத் தாண்டினால் பம்பை நிறுத்தி வெறும் ஃபேன்.

தகரக்கூரை: நான் 24லேயே நிறுத்துவேன். வியர்வை காயாத இடத்தில் இரண்டு டிகிரிக் குளிருக்காக மெஷினை ஈரமாக்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

காற்றளவு: 26ல், வெளியே 36 என்றால், பம்ப் ஓடினால் உள்ளே 32, ஃபேன் மட்டும் என்றால் 40. எட்டு டிகிரி வித்தியாசம், இரண்டில்லை. ஆள் மேல் காற்று நேராகப் படுகிறபோது வியர்வை கொஞ்சம் மெதுவாகக் காய்ந்தாலும் 40ஐவிட 32ஐத்தான் எடுப்பேன்.

துருவிரோதி: ஆளுக்குச் சரி. லேத்துக்கு 24. எண்ணெய் தடவுவது யார் என்று முடிவு செய்துவிட்டு 26 வையுங்கள்.