பகலெல்லாம் கத்தும் யூ.பி.எஸ்.: எட்டே மாதத்தில் பேட்டரி போனது ஏன், அடுத்து எதை வாங்குவது?

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். நீடாமங்கலம் அருகே ஒரு கிராமத்தில் வீட்டிலிருந்தே அழைப்பிதழ், வினாத்தாள் போன்றவற்றைத் தட்டச்சு செய்து கொடுத்து வருகிறேன். ஐ3 கணினி ஒன்றும் 22 அங்குலத் திரை ஒன்றும் 600 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்றில் இணைந்திருக்கின்றன. எட்டு மாதங்களுக்கு முன்புதான் அதற்குப் புதிய பேட்டரி போட்டேன். இப்போது மின்சாரம் நின்றால் ஒரு நிமிடம்கூடத் தாங்காமல் கணினி அணைந்துவிடுகிறது. மின்சாரம் இருக்கும்போதும் பகலில் அது கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கிறது. கணினிக்கு உள்ளே மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 450 வாட் என்று எழுதியிருப்பதைப் பார்த்த கடைக்காரர், 1 கே.வி.ஏ. வாங்கினால்தான் தாங்கும் என்கிறார். அவர் சொல்வது சரியா? மாதப் பராமரிப்பு நாளன்று பகல் முழுவதும் மின்சாரம் இராது. அதற்கு நான் தீர்வு கேட்கவில்லை. வேலையைச் சேமித்து முறையாக அணைக்கப் பத்து நிமிடம் கிடைத்தால் போதும்.

மாடிவீடு:
எங்கள் வீட்டில் 150 ஏ.எச். பேட்டரியுடன் இன்வெர்ட்டர் இருக்கிறது. மூன்று மின்விசிறியும் தொலைக்காட்சியும் நான்கு மணி நேரம் ஓடும். நீங்களும் அதையே போட்டுவிடுங்கள். கணினி மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு தடவை அணைந்து மீண்டும் எழுகிறது; மற்றபடி எந்தக் குறையும் இல்லை.

பழுதுப்பட்டறை:
மாடிவீடு ஐயா, அணைந்து எழுவதுதான் இங்கே கேள்வியே. உங்கள் இன்வெர்ட்டரின் பின்புறம் UPS என்று குறித்த சுவிட்ச் இருந்தால் அந்தப் பக்கம் தள்ளிப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

சகோதரி, உங்கள் யூ.பி.எஸ். பகலில் கத்துகிறது என்றால் மின்சாரம் இருக்கும்போதே அது பேட்டரிக்குத் தாவுகிறது என்று பொருள். வாட் கணக்கைப் பிறகு பார்க்கலாம். பிளக்கில் செருகும் வோல்டேஜ் மீட்டர் ஒன்றை வாங்கி, இரண்டு நாள் வெவ்வேறு நேரங்களில் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். யூ.பி.எஸ்.ஸின் பின்புற ஒட்டுத்தாளில் உள்ளீட்டு மின்னழுத்தம் எத்தனை முதல் எத்தனை வரை என்று இருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
குறித்தேன், ஐயா. விடியற்காலை 5 மணிக்கு 238. பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கியபின் காலை 10 மணிக்கு 178. இரவு 7 மணிக்கு 162, 11 மணிக்கு 252. ஒட்டுத்தாளில் 180–270 என்று இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: சென்ற மாதம் ஒருநாள் இரவு விளக்குகள் எல்லாம் கண்கூசும் அளவுக்கு எரிந்து இரண்டு பல்புகள் போயின.

பழுதுப்பட்டறை:
உங்கள் பேட்டரி எப்படிச் செத்தது என்பது அந்த 178-லேயே தெரிகிறது. 180-க்குக் கீழே போனதும் அந்த யூ.பி.எஸ்.ஸுக்கு அது மின்வெட்டாகவே தெரிகிறது. உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரி, அதில் பத்து நிமிடம் செலவானதை மீட்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஏனென்றால் சின்ன யூ.பி.எஸ்.கள் மிக மெதுவாகத்தான் சார்ஜ் ஏற்றும். உங்கள் ஊரில் அந்த மூன்று மணி நேரம் பகலில் கிடைப்பதே இல்லை. ஈய பேட்டரி அரைகுறை சார்ஜில் நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் படிவு இறுகி, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது. 1 கே.வி.ஏ. வாங்கினாலும் அதன் கீழெல்லை 180 என்றால் இதே கதைதான். பேட்டரியின் விலை மட்டும் கூடும்.

450 வாட் என்பது அந்த எஸ்.எம்.பி.எஸ். தரக்கூடிய உச்சம், கணினி அவ்வளவையும் இழுப்பதில்லை. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, யூ.பி.எஸ். வழியாக இல்லாமல் நேரடியாகக் கணினியையும் திரையையும் மட்டும் ஓடவிட்டு, மின்வாரிய மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கை ஐந்து நிமிடம் எண்ணுங்கள். மீட்டரின் முகப்பில் imp/kWh என்பதற்கு முன்னால் உள்ள எண்ணையும் சொல்லுங்கள்.

பல்புகள் போனது வேறு சங்கதி. மின்னழுத்தம் குறைவாக இருக்கும் ஊரில் திடீரென்று விளக்கு கண்கூசும்படி எரிந்தால், கம்பத்திலோ உங்கள் சர்வீஸ் ஒயரிலோ நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நியூட்ரல் விட்டுப்போனால் 300-க்கு மேலும் ஏறும், அதை எந்தச் சின்ன யூ.பி.எஸ்.ஸும் தாங்காது. புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் மின்னகத்தில் புகார் பதிந்து லைன்மேனை வரவழையுங்கள். நீங்களாக அங்கே கை வைக்காதீர்கள்.

கணக்கர்:
இத்தனை சுற்று எதற்கு? பழைய யூ.பி.எஸ்.ஸுக்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் போட்டால் 162-ஐ 220 ஆக்கிக் கொடுக்கும். அடுத்து வாங்குவதானால் மின்வாரிய மின்சாரத்தைப் போலவே சீரான அலை தரும் ப்யூர் சைன்வேவ் யூ.பி.எஸ். மட்டுமே வாங்க வேண்டும், மற்றவை எஸ்.எம்.பி.எஸ்.ஸை எரித்துவிடும்.

பழுதுப்பட்டறை:
பாதி சரி, தம்பி. ஸ்டெபிலைசர் உதவும். ஆனால் குளிர்சாதனப் பெட்டிக்கென்று விற்பதைப் போட்டால், மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு முறையும் கம்ப்ரஸருக்காக இரண்டு மூன்று நிமிடம் நிறுத்திவைத்துத்தான் வெளியே விடும். அந்த நேரம் முழுவதையும் பேட்டரிதான் சுமக்கும். ஒரு நொடி வெட்டுகூட மூன்று நிமிட வெட்டாகிவிடும். சைன்வேவ் விஷயத்தில், ஆக்டிவ் பி.எஃப்.சி. என்று எழுதிய எஸ்.எம்.பி.எஸ். சில, சாதாரண யூ.பி.எஸ்.ஸின் கட்டை அலையில் சட்டென்று அணைந்துவிடுவது உண்டு. எரிந்து போனதை என் பட்டறையில் பார்த்ததில்லை.

கணக்கர்:
டிலே இல்லாத ஸ்டெபிலைசரும் கிடைக்கிறது, ஐயா. என் அலுவலகத்தில் ஐந்து ஆண்டுகளாக அப்படித்தான் ஓடுகிறது. இதில் நான் மாறுவதாக இல்லை.

வெண்ணாற்றங்கரை:
மீட்டரில் 3200 imp/kWh என்று இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் 27 முறை சிமிட்டியது. என் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஆக்டிவ் பி.எஃப்.சி. என்று எங்கும் இல்லை. பின்னால் 115 / 230 என்று ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கிறது. மின்னழுத்தம் குறைவாக இருக்கும்போது அதை 115-க்குத் தள்ளலாமா?

பழுதுப்பட்டறை:
தள்ளவே கூடாது. இரவு 252 வந்ததும் வெடித்துவிடும். அந்தச் சுவிட்சின் மேல் ஒரு ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள்.

கணக்கு இதுதான்: உங்கள் மீட்டர் 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட், அதாவது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடியதாகப் பொருள். ஐந்து நிமிடம் என்பது ஒரு மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

```
27 × 12 ÷ 3200 × 1000 = 101 வாட்
```

இதற்கு 600 வி.ஏ. தாராளம். ஆகவே அளவைக் கூட்ட வேண்டாம், எல்லையைப் பாருங்கள். உள்ளீடு 140 முதல் 290 வரை என்று எழுதியதாக, மின்னழுத்தத்தைத் தானாகச் சரிசெய்யும் ஏ.வி.ஆர். உள்ளேயே உள்ளதாகக் கேளுங்கள். 162 வந்தால் அது பேட்டரியைத் தொடாமல் உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மர் வழியாக 190-க்கு அருகே ஏற்றிக் கொடுக்கும்; கத்தாது, டக்கென்று ஒரு ரிலே சத்தம் மட்டும் கேட்கும். வாங்கியதும் எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற்றுங்கள். பிறகு முக்கியமில்லாத கோப்பு ஒன்றைத் திறந்து வைத்து, பிளக்கைப் பிடுங்காமல் சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் அணைத்து, எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பிளக்கைப் பிடுங்கினால் எர்த் இணைப்பும் போய்விடும். 101 வாட்டுக்குப் புதிய பேட்டரி பதினைந்து நிமிடத்துக்குக் குறையக் கூடாது. லேசர் பிரிண்டர் இருந்தால் அதை இதில் இணைக்காதீர்கள்.

மாடிவீடு:
சுவிட்சைத் தள்ளினேன், கணினி அணையவில்லை; நன்றி. அப்படியானால் அவர்களுக்கும் இன்வெர்ட்டரே போதாதா?

பழுதுப்பட்டறை:
அந்தப் பக்கம் தள்ளியதும் இன்வெர்ட்டரின் கீழெல்லையும் பெரும்பாலும் 180-ஐ ஒட்டியே வந்து நிற்கும், ஐயா. அவர்கள் ஊரில் அது பகல் முழுவதும் பேட்டரியில்தான் கிடக்கும்.

வெண்ணாற்றங்கரை:
லைன்மேன் வந்து கம்பத்தில் நியூட்ரல் முனை கருகியிருந்ததைக் காட்டி, வெட்டிப் புதிதாக முறுக்கிக் கொடுத்தார். அதன்பின் இரவு உச்சம் 243. ஒரு வாரம்தான் ஆகிறது. இதுதான் காரணம் என்று இப்போதே சொல்ல முடியவில்லை. 140–290 எல்லையுள்ள 600 வி.ஏ. வாங்கிவிட்டேன். சோதனையில் 18 நிமிடம் தாங்கியது. பகலில் கத்துவதில்லை. ஆனால் இரவு 7 மணிக்கு, பக்கத்து மோட்டார் ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும், மணிக்கு இருபது முப்பது தடவை டக், டக்கென்று சத்தம் வருகிறது. இப்படியே போனால் அந்த ரிலே எத்தனை நாள் தாங்கும், ஐயா?

பழுதுப்பட்டறை:
முதலில் தேய்வது அதுதான். ஆனால் ரிலேயைத் தனியாக மாற்றலாம், பேட்டரியைவிட விலை குறைவு. இரவு 7 மணிக்கு இப்போது மீட்டர் என்ன காட்டுகிறது என்று குறித்து அனுப்புங்கள். நியூட்ரலைச் சரிசெய்தபின் அந்த 162-உம் மாறியிருக்க வேண்டும்.