தூங்கி எழுவதற்குள் 37 ஜிபி ஏறிவிட்டது, மீட்டரில் கோளாறா?

வில்லாபுரம் தையலகம்
வணக்கம். வீட்டில் உள்ளூர் ஃபைபர் இணைப்பு, மாதம் 500 ஜிபி திட்டம், 5ஆம் தேதிக்கு 5ஆம் தேதி கணக்கு. 18ஆம் தேதி இரவு படுக்கும் முன் கம்பெனி ஆப்பில் 231 ஜிபி என்று இருந்தது. காலை ஆறரைக்குப் பார்த்தால் 268. அஞ்சு மணி வாக்கில் கரண்ட் போய் வந்தது, மற்றபடி எல்லாரும் தூக்கம். போன மாதமும் கடைசி நாலு நாள் வேகம் இறங்கி, கஸ்டமருக்கு ஜாக்கெட் டிசைன் படம்கூட அனுப்ப முடியவில்லை. மீட்டர் தப்பாக ஓடுகிறதா?

பழங்காநத்தம் ரவுண்டானா
அக்கா, எனக்கும் இதே கதைதான். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி திட்டம், சாயங்காலம் ஆறு மணிக்கே தீர்ந்துவிடுகிறது. பார்த்தால் தம்பி என் ஹாட்ஸ்பாட்டில் கேம் அப்டேட் போட்டிருக்கிறான். ராத்திரி 12 மணிக்குத்தான் மறுபடி வரும்.

வில்லாபுரம் தையலகம்
இது மொபைல் இல்லை தம்பி, வீட்டு இணைப்பு.

திருநகர் 3வது ஸ்டாப்
ஒருவர் ஒரு ஜிபியை 1000 எம்பி என்று எண்ணுவார், இன்னொருவர் 1024 என்று எண்ணுவார். கம்பெனி கணக்கு எப்போதும் கூடத்தான் காட்டும். வித்தியாசம் அதுதான்.

ஒத்தக்கடை கேபிள்
திருநகர் சார் சொல்வது உண்மைதான், ஆனால் பைட்டிலிருந்து ஜிபி வரை ஒவ்வொரு படியிலும் 1000க்குப் பதில் 1024 என்று எண்ணினாலும் அது நூற்றுக்கு ஏழு அளவுக்குத்தான் வரும். கம்பெனி 37 என்றால் ரூட்டர் 34.5 என்று காட்டலாம். தூங்கும்போது ஏறியதற்கு அது காரணம் ஆகாது.

அம்மா, அந்த 37 ஜிபி அன்று ராத்திரி ஓடியதே இல்லை என்று நினைக்கிறேன். உங்கள் ரூட்டர் லாகின் ஆனதிலிருந்து துண்டிக்கப்படும் வரை ஒரு செஷன். சில ஆபரேட்டர்களிடம் நடுநடுவே கணக்கு ஏறிக்கொண்டே வரும். சிலரிடம் செஷன் முடிந்த பிறகுதான் மொத்தமாக மீட்டரில் சேரும். கரண்ட் போனதும் ரூட்டரிடமிருந்து பதில் வராததால், சில நிமிடத்தில் சர்வர் அந்தச் செஷனை மூடிக் கணக்கை எழுதியிருக்கும். ஆப்பில் செஷன் விவரம் என்று ஒரு பக்கம் இருக்கும், அதில் கடைசி வரியை இங்கே போடுங்கள்.

வில்லாபுரம் தையலகம்
ஆமாம் சார், இருக்கிறது. ஆரம்பம் 16ஆம் தேதி மாலை 6:40, முடிவு 19ஆம் தேதி காலை 5:12. டவுன்லோடு 9.6 ஜிபி, அப்லோடு 27.4 ஜிபி. நாங்கள் எதையும் அப்லோடு செய்வதில்லையே?

ஒத்தக்கடை கேபிள்
அப்போது மீட்டர் சரிதான். ஐம்பத்தெட்டரை மணி நேரக் கணக்கு ஒரே நேரத்தில் வந்து விழுந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் இன்று எண்ணைக் குறித்துக்கொண்டு, ரூட்டரைப் பத்து நிமிடம் அணைத்துப் போட்டுப் பாருங்கள். எண் குதித்தால் அதேதான். ரூட்டரை இன்வெர்ட்டரில் போட்டிருந்தால் இந்தக் குதிப்பு இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

அப்புறம், அப்லோடும் மொத்தத்தில் சேரும். வாசலில் கேமரா இருக்கிறதா? பதிவு எங்கே போகிறது?

வில்லாபுரம் தையலகம்
ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரர் வெளியூரில் வேலை, அவர் போனில் பார்ப்பதற்காக மாட்டியது. மெமரி கார்டு போடவில்லை, கிளவுட் என்றுதான் சொன்னார்கள்.

ஒத்தக்கடை கேபிள்
அதுதான் தின்கிறது. கேமரா நொடிக்கு 1 மெகாபிட் ஏற்றிக்கொண்டே இருந்தால் மணிக்கு 0.45 ஜிபி. ஐம்பத்தெட்டரை மணிக்கு 26 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். உங்கள் அப்லோடு 27.4, கிட்டத்தட்டப் பொருந்துகிறது பாருங்கள். இதே வேகத்தில் 30 நாளைக்கு 324 ஜிபி போய்விடும்.

கேமராவுக்குள் ஒரு கார்டு போட்டு அதில் பதியச் சொல்லுங்கள், கிளவுடுக்கு ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் போகட்டும். கார்டில் பதிவது இணைய இணைப்பில் போகாது, மீட்டரிலும் ஏறாது. வீட்டுக்காரர் வெளியூரிலிருந்து பார்க்கும் நேரம் மட்டும் ஏறும்.

திருநகர் 3வது ஸ்டாப்
சார், ஒரு செஷன் 4ஆம் தேதி ஆரம்பித்து 6ஆம் தேதி முடிந்தால் எந்த மாதத்தில் சேரும்?

ஒத்தக்கடை கேபிள்
நான் வேலை பார்த்த ஓரிடத்தில் புதுப்பிக்கும் நேரத்தில் சர்வரே செஷனை அறுத்துவிடும். இன்னோரிடத்தில் முழுதும் புது மாதத்தில் விழுந்து, ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள். அம்மா, 4ஆம் தேதி இரவு நீங்களே ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுவிடுங்கள். 5ஆம் தேதி காலையில் முதல் வரி என்ன காட்டுகிறது என்று சொல்லுங்கள்.

வில்லாபுரம் தையலகம்
கார்டு வாங்கிப் போட்டாயிற்று. நேற்று ரூட்டரை அணைத்துப் பார்த்தேன், 24 மணி நேரத்துக்கு அப்லோடு 1.9 ஜிபிதான். 5ஆம் தேதி வந்து எழுதுகிறேன் சார்.