ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை: டீச்சர் தலையிடலாமா?

சாக்பீஸ்:
பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை நான். நாலு பேராகவே திரிந்தவர்களில் ஒருத்தி பொங்கல் லீவுக்குப் பிறகு தனியாகிவிட்டாள். அடி இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, எழுதி வைக்கும்படி ஒன்றுமே இல்லை. அவளுடைய அம்மா வந்து அழுகிறார். ஹெச்.எம். "பிள்ளைங்க சண்டை, தானா சரியாகிடும்" என்கிறார். இது டூ விட்ட சண்டையா, வேறு ஏதாவதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்தால் நான் உள்ளே போகலாமா?

கரிசல்காரன்:
டீச்சர், உங்கள் ஹெச்.எம். சொல்வதுதான் சரி. எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். காலையில் டூ, சாயந்திரம் பழம். நாம் நடுவில் போனால்தான் பெரிதாகும், இரண்டு வீட்டு அம்மாக்களும் தெருவில் நின்று பேச ஆரம்பிப்பார்கள். யாரோடு சேர வேண்டும் என்பது அந்தந்தக் குழந்தையின் இஷ்டம். "அவளோடு பேசு" என்று ஒரு டீச்சர் எப்படி உத்தரவு போட முடியும்? பெண் பிள்ளைகள் கொஞ்சம் இப்படித்தான் இருப்பார்கள். பையன்கள் அடித்துக்கொண்டு மறந்துவிடுவார்கள்.

ராணிப்பேட்டை ரவி:
ராகிங்குக்குத் தமிழ்நாட்டில் 1997இலேயே சட்டம் வந்துவிட்டது. எழுத்தில் புகார் வாங்குங்கள். வகுப்பில் கேமரா வைத்தால் யார் அடித்தார்கள் என்று தெரிந்துவிடும்.

சாக்பீஸ்:
ரவி சார், யாரும் அடிக்கவில்லை. கேமரா வைத்தால் நாற்பது பிள்ளைகள் ஒழுங்காக உட்கார்ந்திருப்பதுதான் தெரியும்.

வேப்பமரத்தடி:
பள்ளிகளில் மாணவர் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். கரிசல்காரன் சொன்னதில் பாதி சரி. நட்பு முறிவது கொடுமை அல்ல. இரண்டு பேர் பிரிந்தால் இரண்டு பேருக்கும் வலிக்கும், இரண்டு பேருக்கும் வேறு ஆள் கிடைக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாவது ஆளை. சண்டையில் சம்பந்தமே இல்லாத பிள்ளைகளும் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்களா? அப்படியானால் யாரோ தடை போட்டிருக்கிறார்கள்.

இதைப் பாடம் நடத்தும்போது பார்க்க முடியாது. உங்கள் கண் கரும்பலகையிலும் புத்தகத்திலும் இருக்கும்போது எல்லாரும் சமமாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவரவர் இஷ்டத்துக்கு நகரும் நேரங்களைப் பாருங்கள். மத்தியானம் டப்பாவைத் திறக்கும் முதல் ஐந்து நிமிஷம், பி.டி. பீரியடில் ஆள் பிரிப்பது, "நாலு நாலு பேரா சேருங்க" என்று சொன்ன அந்த அரை நிமிஷம், லீவு போட்டு வந்தவள் யாரிடம் நோட்டு வாங்குகிறாள் என்பது. அவள் எழுந்து பதில் சொல்லும்போது அவளைப் பார்க்காதீர்கள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்று பாருங்கள்.

இன்னொன்று, என் அனுபவத்தில் இதுதான் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். கூட்டத்தின் தலைவி என்று நீங்கள் நினைக்கும் பெண் வராத நாளில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். அன்றைக்கு மட்டும் மற்றவர்கள் அவளோடு பேசினால், அவர்களுக்கு அவள் மேல் கோபம் இல்லை. பயம் வேறு இடத்தில் இருக்கிறது.

பையன்கள் விஷயத்திலும் ஒரு வார்த்தை. பின்லாந்தில் ஆரம்பத்தில் செய்த ஆய்வுகள் இப்படி ஒதுக்கிவைப்பது பெண் பிள்ளைகளிடம் அதிகம் என்றுதான் சொல்லின. பிறகு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வித்தியாசம் மிகச் சிறியது என்று தெரிந்தது. கிரிக்கெட்டில் ஒருத்தனை எந்த டீமிலும் எடுக்காமல் பந்து பொறுக்க மட்டும் வைத்திருப்பதும் இதே கதைதான்.

மழைக்கால நோட்டு:
எட்டாவது படிக்கும்போது எனக்கு நடந்தது. டியூஷனில் ஒரு பையனுக்கு லெட்டர் கொடுத்தேன் என்று கிளப்பிவிட்டார்கள். பொய். ஆனால் வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பையே நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பாத்ரூம் பக்கம் அவர்கள் கூட்டமாக நிற்பார்கள், அதனால் பள்ளியில் தண்ணீரே குடிக்க மாட்டேன். பி.டி. நாளில் வயிற்றுவலி என்று சொல்லி லீவு போடுவேன்.

ஒரு மிஸ் கண்டுபிடித்தார். நல்ல மனசு. என்னை எழுப்பி நிற்கவைத்து, "எல்லாரும் இவளோட பேசணும்" என்றார். இன்டர்வலில் வரிசையாக வந்து பேசினார்கள். "சாப்பிட்டியா? மிஸ் கேக்கச் சொன்னாங்க." அடுத்தவள் வந்து அதையே கேட்பாள். அந்த வாரம் முழுக்க அப்படி. டீச்சர், உள்ளே போங்கள், ஆனால் தயவுசெய்து அந்த மாதிரிப் போகாதீர்கள்.

கரிசல்காரன்:
இதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த மிஸ் தலையிடாமல் இருந்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது.

மழைக்கால நோட்டு:
நடந்திருக்காது, உண்மை. ஆனால் அதற்கு முன்னால் நடந்தது அப்படியே போயிருக்கும், சார்.

தெற்குக்கரை:
யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அந்த நாலு பேரில் ஒதுக்கப்பட்டவள் மட்டும் வேறு தெருவா? நாங்குநேரியில் சாதியின் பெயரால் ஒரு மாணவனைச் சக மாணவர்கள் வெட்டிய பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்கச் சொன்னது. ஏன் என்று யோசியுங்கள். வீட்டில் யாராவது "அவகூட என்ன சாப்பாடு?" என்று கேட்டிருந்தால், அதற்கு நட்பு முறிவு என்று பெயர் வைக்காதீர்கள்.

கரிசல்காரன்:
எல்லாவற்றிலும் சாதியைக் கொண்டுவர வேண்டாமே.

வேப்பமரத்தடி:
கொண்டுவர வேண்டாம். பார்க்காமலும் விட வேண்டாம். யாருடைய டப்பாவிலிருந்து யார் எடுத்துச் சாப்பிடுகிறார்கள் என்று முன்பு எப்படி, இப்போது எப்படி என்று பாருங்கள். சாதிதான் காரணம் என்றால் நான் சொல்லப்போகும் வழி போதாது. அது ஹெச்.எம். மேசைக்குப் போக வேண்டிய விஷயம், எழுத்தில்.

சாக்பீஸ்:
எல்லாருக்கும் நன்றி. நாலு பேரும் ஒரே தெரு, ஒரே ஆட்டோ. அதனால் சாதி இல்லை என்று நான் நினைக்கிறேன், தெற்குக்கரை சொன்னதை மனதில் வைத்திருக்கிறேன்.

கவனித்ததைச் சொல்கிறேன். அந்த நாலு பேரில் ஒருத்தியான வகுப்புத் தலைவி கல்யாண வீட்டுக்குப் போய் ஒரு நாள் வரவில்லை. அன்று பழைய தோழிகள் இருவரும் அவளிடம் ரப்பர் வாங்கினார்கள், ஒன்றாகத் தண்ணீர்க் குழாய்க்குப் போனார்கள். மறுநாள் தலைவி வந்ததும் மறுபடி பெஞ்சின் அந்த ஓரம் காலி.

அப்புறம் கரும்பலகை. நான் ஸ்டாஃப் ரூமுக்குப் போகும்போது பேசுகிறவர்கள் பெயரை எழுதத் தலைவியிடம் சொல்லிவிட்டுப் போவேன். எல்லா வகுப்பிலும் நடப்பதுதான். பலகையில் இருந்த பெயர்களை ஒரு வாரம் குறித்துவைத்தேன். சும்மா அரட்டை அடிக்கிறவர்கள் பெயர் இல்லை. அந்தப் பெண்ணோடு ஒரு வார்த்தை பேசியவர்கள் பெயர்தான் இருந்தது. அவர்களை நான்தான் நிற்கவைத்திருக்கிறேன்.

தலைவி நன்றாகப் படிக்கிற, மரியாதையான பெண். ஸ்டாஃப் ரூமில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வேப்பமரத்தடி:
நம்ப மாட்டார்கள்தான். யாரும் விரும்பாத பிள்ளையால் வகுப்பையே ஒருத்திக்கு எதிராகத் திருப்ப முடியாது. பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் நல்ல பெயர் இருப்பவளால்தான் முடியும்.

முதல் வேலை, அந்தச் சாக்பீஸை வாங்கிவிடுங்கள். தண்டனை மாதிரித் தெரியக் கூடாது. பெயர் எழுதும் வழக்கமே இனி இல்லை என்று வகுப்புக்கே சொல்லுங்கள். பெஞ்சை வாராவாரம் எல்லாருக்கும் சேர்த்து மாற்றுங்கள். குழுவை நீங்களே பிரியுங்கள்.

அப்புறம் பேச்சு. அந்தப் பெண்ணையும் அவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துக் கை குலுக்கச் சொல்லாதீர்கள். சம பலம் உள்ள இருவரின் சண்டைக்கு அது சரி. இங்கே ஒரு பக்கம் ஒருத்தி, மறுபக்கம் மூன்று பேர். சுவீடனில் அனடோல் பிகாஸ் உருவாக்கிய முறையில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒருத்தி வெளியே வந்ததும் அடுத்தவள் உள்ளே, நடுவில் அவர்கள் கூடிப் பேச இடம் தராமல். "நீ என்ன செய்தாய்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "அவ கொஞ்ச நாளா தனியா இருக்கா, எனக்குக் கவலையா இருக்கு. நீ ஏதாவது கவனிச்சியா?" என்று கேளுங்கள். கவனித்தேன் என்று சொன்னால், "நீ என்ன செய்யலாம்?" என்பது மட்டும்தான் அடுத்த கேள்வி. அவள் சொல்வது சின்னதாக இருந்தாலும் போதும். ஒரு வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டுக் கேளுங்கள். தலைவியை முதலில் பாருங்கள்.

பள்ளிகளில் இப்படிப்பட்ட கொடுமையைத் தடுக்கப் பின்லாந்தில் உருவாக்கிய கிவா திட்டத்தில் இன்னொன்றும் செய்வார்கள். வகுப்பில் மதிப்புள்ள, இதில் சேராத இரண்டு மூன்று பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவளுக்குத் துணையாக இருக்கச் சொல்வார்கள். அவர்கள் அவளுக்குத் தோழியாக வேண்டியதில்லை. மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

வதந்தி ஏதாவது இருந்தால் வகுப்பில் "யார் சொன்னது?" என்று விசாரிக்காதீர்கள். கேட்காதவர்களுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

கரிசல்காரன்:
பலகை விஷயம் என்னை யோசிக்க வைத்தது. அதை நிறுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பெண்களை ஒவ்வொருத்தியாக அறைக்குள் கூப்பிடுவது விசாரணை மாதிரிதான். அன்று சாயந்திரமே மூன்று வீட்டிலும் பேச்சு வரும். தலைவியின் அப்பா வந்து "என் பெண்ணைக் குற்றவாளி ஆக்கிட்டீங்க" என்றால் டீச்சருக்கு யார் துணை? அவளும் குழந்தைதானே.

வேப்பமரத்தடி:
குழந்தைதான். அதனால்தான் குற்றம் சாட்டாத கேள்வியாகக் கேட்கச் சொல்கிறேன். பெற்றோர் வருவார்கள் என்பது உண்மை. ஹெச்.எம்.மிடம் முன்கூட்டியே சொல்லி, நாள், இடம், யார் யாரோடு இருந்தார்கள் என்று நீங்கள் பார்த்ததை மட்டும் எழுதிக் கொடுங்கள். "ஒதுக்குகிறார்கள்" என்று எழுதினால் வாக்குவாதம் வரும். "திங்கள் முதல் வெள்ளி வரை மத்தியானம் தனியாகச் சாப்பிட்டாள்" என்று எழுதினால் அவர் மறுக்க ஒன்றும் இருக்காது.

மழைக்கால நோட்டு:
அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டீர்களா? எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அவளுக்கு ஒரு எண்ணம் இருக்கும். எனக்கு இருந்தது, யாரும் கேட்கவில்லை.

சாக்பீஸ்:
கேட்டேன். லைப்ரரியில் புத்தகம் அடுக்கக் கூப்பிடுகிற சாக்கில். முதலில் "ஒண்ணுமில்ல மிஸ்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவங்கள திட்டாதீங்க மிஸ், அப்புறம் ஆட்டோல ரொம்ப கஷ்டம்" என்றாள். ஆட்டோவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. காலையும் மாலையும் அந்த நாலு பேரும் ஒரே வண்டியில் நெருக்கி உட்கார்ந்து வருகிறார்கள்.

அவளுடைய அம்மா ‘பி’ செக்ஷனுக்கு மாற்றச் சொல்கிறார். செய்யலாமா?

தெற்குக்கரை:
மாற்றாதீர்கள். பாதிக்கப்பட்டவளை நகர்த்தினால், அவளிடம்தான் ஏதோ கோளாறு என்று இரண்டு செக்ஷனும் முடிவு செய்யும்.

மழைக்கால நோட்டு:
நான் மாற்றச் சொல்வேன். எனக்கு ஒன்பதாவதில் செக்ஷன் மாறியது. அன்றுதான் பள்ளியில் தண்ணீர் குடித்தேன்.

வேப்பமரத்தடி:
இதில் எனக்கும் ஒரே பதில் இல்லை. அவளே கேட்டால் மாற்றுங்கள், அம்மா மட்டும் கேட்டால் கொஞ்சம் பொறுங்கள். ஆனால் ஆட்டோவை இந்த வாரமே மாற்றச் சொல்லுங்கள் டீச்சர். பள்ளி பஸ்ஸோ, அப்பாவின் வண்டியோ, எதுவானாலும். நீங்கள் அந்த மூன்று பேரோடு பேசும் நாளுக்கு முன்பே அது நடந்திருக்க வேண்டும்.

சாக்பீஸ்:
சரி. இன்றைக்கே அவளுடைய அம்மாவுக்குப் போன் செய்கிறேன். பேச்சை வியாழக்கிழமைக்கு வைத்துக்கொள்கிறேன்.